ஓடும் ஆளைப் படத்தில் சேர்க்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பெங்களூரில் எடிட்டிங் வேலையை வெளியே கொடுப்பவர்கள், முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அல்சூரில் எங்கள் ஓட்டக் குழுவுக்கு ஒரு பேனர் வேண்டியிருந்தது. ஏரிக்கரையில் அந்தி நேரத்தில் ட்ரைபாடு வைத்து எடுத்த படம் கையில் இருந்தது. 50 எம்எம் லென்ஸ், எஃப் 2.8, ஷட்டர் 1/30 நொடி, ஃபோகஸ் 3 மீட்டரில் இருந்த பெஞ்சில். பெஞ்சுக்குப் பின்னால், கேமராவிலிருந்து 6 மீட்டரில், எங்கள் குழுப் பையன் குறுக்கே ஓடுவதுபோல் சேர்க்கவேண்டும். அவனைப் பகலில் 1/1000 நொடியில் எடுத்திருந்தோம். துளிகூட அசைவு இல்லாத படம். சேர்ப்பதற்கு அப்படிப்பட்டதுதான் நல்லது, மங்கலை வேண்டிய அளவுக்கு நாமே போட்டுக்கொள்ளலாம்.

கடைக்காரர் செய்தது என்ன தெரியுமா? ஆளை வெட்டி, முழு உடம்புக்கும் ஒரே மோஷன் பிளரை இழுத்துவிட்டார். இழுப்பு உருவத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நிதானமாக ஓடுபவர் நொடிக்கு 3 மீட்டர் போனால், 1/30 நொடியில் 10 சென்டிமீட்டர்தான் நகர்வார். 170 சென்டிமீட்டர் உயரத்தில் அது பதினேழில் ஒரு பங்கு.

அதைவிட மோசம் கால். தரையில் ஊன்றிய பாதம் அந்தக் கணத்தில் நகர்வதில்லை, அதனால் அது மங்கவே கூடாது. முன்னால் வீசும் கால் உடம்பைவிட வேகமாகப் போகும், அதற்குத்தான் இழுப்பு அதிகம் வேண்டும். இங்கே ஊன்றிய ஷூவும் வழிந்திருந்தது, பையன் பனிக்கட்டியில் வழுக்குவதுபோல் இருந்தான்.

“ஸ்பீடு தெரியணும்ல சார்” என்றார்.

“ஊன்றின கால் எதுக்குங்க வழியுது?” என்று கேட்டேன். பதில் இல்லை. திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்றார்.

அப்புறம் ஃபோகஸ். இது சட்டென்று கண்ணில் படாது. குறுக்கே இழுத்த மங்கல் நெட்டுக் கோடுகளை மட்டும்தான் கரைக்கும், படுக்கைக் கோடுகள் அப்படியே நிற்கும். டிரவுசரின் கீழ்விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. அவன் நிற்கும் நடைபாதைக் கல்லோ பஞ்சாய் மங்கியிருந்தது. ஃபோகஸ் பெஞ்சில் என்றால் 6 மீட்டரில் நிற்பவனும் அந்தக் கல் அளவுக்கு மங்கவேண்டும். அதைச் செய்ய, பாதத்துக்குப் பக்கத்துத் தரையைப் பார்த்து லென்ஸ் பிளரைக் கூட்டிக்கொண்டே போனால் போதும்.

எல்லாம் ஒட்டித் தட்டையாக்கிய ஜேபெக்தான் தந்தார். லேயர் இருக்கும் பிஎஸ்டி கேட்டால் கொடுப்பதில்லையாம். அது இல்லாமல் வேறு யாரும் இதைச் சரிசெய்ய முடியாது, ஆளை முதலிலிருந்து வெட்டவேண்டும். பிஎஸ்டி தருவீர்களா என்று முதலிலேயே கேட்டு, வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீதிப் பணம் கொடுக்கும் முன் ஊன்றிய பாதத்தையும் துணியின் படுக்கை விளிம்பையும் நூறு சதவீத அளவில் திறந்து பாருங்கள். எனக்கு முன்பணம் இன்னும் திரும்பவில்லை.