பைக்கைப் பெங்களூரு எண்ணுக்கு மாற்ற ஏஜென்டிடம் கொடுத்த வரிப் பணம் போனது

2019-இல் கோவையில் பதிவான என் பைக்குடன் வேலை மாறுதலில் பெங்களூருவுக்குக் குடிவந்தேன். அதைக் கர்நாடக எண்ணுக்கு மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு ஏஜென்டிடம் 17,500 ரூபாயையும் அசல் ஆவணங்களையும் கொடுத்து மூன்று மாதம் அலைந்தேன். ஆர்டிஓ அலுவலக வாசலில் இன்றும் இப்படிப் பலர் பணம் கொடுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன் என்பதால், நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

அவர் முதலில் கையிலெடுத்தது என் பயத்தைத்தான். வெளி மாநில வண்டியை முப்பது நாளுக்கு மேல் ஓட்டினால் பறிமுதல் செய்துவிடுவார்கள் என்றார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவோ, வேறு மாநிலத்தில் வண்டியை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால்தான் புதிய பதிவு எண் பெற வேண்டும் என்கிறது. நான் வந்து பத்து மாதமே ஆகியிருந்தது. இதை அன்று அறிந்திருந்தால் அவசரப்பட்டிருக்க மாட்டேன்.

தடையின்மைச் சான்றை, அதாவது என்ஓசியை, நானே கோவைக்குப் போய் வாங்கியிருந்தேன். கடன் ஏற்கெனவே முடிந்து, ஆர்சியில் இருந்த அடமானக் குறிப்பும் நீக்கப்பட்டிருந்ததால், படிவம் 28-ஐச் சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரதியுடன் கொடுத்ததும் அந்த வேலை சிக்கலின்றி முடிந்தது. நான் குடியிருக்கும் பகுதிக்கு உரிய ஆர்டிஓ எது என்பதை வாடகை ஒப்பந்த முகவரியை வைத்து முன்பே உறுதி செய்துகொண்டதும் நல்லதாயிற்று. சான்று அந்த அலுவலகத்தின் பெயருக்கே வழங்கப்படுகிறது.

ஏமாற்றம் வரியில்தான் நடந்தது. ஆயுட்கால வரி 13,500 ரூபாய், தன் கூலி 4,000 ரூபாய் என்று ஏஜென்ட் கணக்குச் சொன்னார். எப்படி 13,500 வந்தது என்று கேட்டதற்கு, இதே மாடலின் இன்றைய விலை ஏறத்தாழ ஒரு லட்சம், அதில் 12 சதவீதமும் செஸ்ஸும் என்றார். நான் வாங்கிய பில்லில் இருந்த விலை 70,000 ரூபாய். வரியை அந்த விலையில் கணக்கிட்டு, வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறைக்க வேண்டும் என்பதை அவர் மறைத்துவிட்டார். பில்லையும் ஆர்சியையும் என்ஓசியையும் பணத்தையும் அன்றே கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து முத்திரையுடன் ஒரு வரி ரசீது தந்தார். எண் வர இன்னும் சில வாரங்கள் ஆகும் என்றார். இரண்டு மாதம் பொறுத்திருந்தும் எதுவும் வராததால், கையில் இருந்த என்ஓசி நகலின் பென்சில் பிரதியோடு அந்த ரசீதை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். சேஸிஸ் எண்ணின் நடுவில் 8 இருக்க வேண்டிய இடத்தில் B என்று அச்சிட்டிருந்தது. parivahan.gov.in தளத்தில் அந்த ரசீது எண்ணைத் தேடியபோது எந்த விவரமும் வரவில்லை. வண்டியின் நிலையோ, என்ஓசி வழங்கப்பட்டது என்பதோடு நின்றிருந்தது. மறுநாள் அலுவலகக் கவுண்டரில் விசாரித்தபோது, என் பெயரில் விண்ணப்பமே பதிவாகவில்லை என்று உறுதியாகச் சொன்னார்கள்.

காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்த பிறகு ஆவணங்கள் திரும்பி வந்தன. பணத்தில் 5,000 மட்டுமே கிடைத்தது.

பிறகு நானே தளத்தில் விண்ணப்பித்து, படிவம் 27, இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றோடு வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோனேன். பில் விலையையும் வயதையும் வைத்து அலுவலகம் கணக்கிட்ட வரி, செஸ் உட்பட ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஏஜென்ட் கேட்டதில் கிட்டத்தட்டப் பாதி. அந்தத் தொகையைத் தளத்திலேயே செலுத்தியவுடன் ரசீதில் என் சேஸிஸ் எண் பிழையின்றி வந்தது. புதிய எண் வந்ததும் இன்சூரன்ஸிலும் அதை மாற்றிக்கொண்டேன்.

கோவையில் ஏற்கெனவே கட்டிய ஆயுட்கால வரியில், வண்டி வெளி மாநிலம் போய்விட்டதைக் காட்டிப் பாக்கிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதையும் அந்த ஏஜென்ட் எனக்குச் சொல்லவில்லை. கேட்டதற்கு, டூவீலருக்கு அது கிடையாது என்றார். புதிய ஆர்சியின் நகலோடு கோவை அலுவலகத்தில் இப்போதுதான் விண்ணப்பித்திருக்கிறேன்.

அவரிடம் அண்மையில் பணம் கொடுத்தவர்கள் இதைப் படித்தால், தாமதிக்காமல் விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்கித் தளத்தில் சரிபாருங்கள். எண் தர மறுத்தாலோ, ரசீதில் சேஸிஸ் எண் ஓரெழுத்து மாறியிருந்தாலோ, ஆர்சியும் என்ஓசியும் இன்னும் அவர் பையிலேயே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு அன்றைக்கே போய் வாங்கிவிடுங்கள்.