முதல் விற்பனை மடல் நான்காம் நாளா, பன்னிரண்டாம் நாளா? ஒரு கொங்குச் சமையல் மடலுக்கான இரண்டு வரவேற்புத் தொடர்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டுச் சமையல் குறிப்பை மின்னஞ்சலில் அனுப்புகிற ஒருவர், மஞ்சள் தூள், கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி ஆகிய மூன்றும் அடங்கிய ஒரு பொட்டலத்தையும் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகப் பெயர் கொடுப்பவர்களுக்குத் தானாகவே செல்லும் வரவேற்பு மடல்களை அவர் இரண்டு விதமாக அமைக்கலாம். குறுந்தொடரில் மூன்று மடல்கள்: சேர்ந்தவுடன் வணக்கமும் ஒரு குறிப்பும், இரண்டாம் நாள் பொடி எப்படி அரைக்கப்படுகிறது என்ற விவரம், நான்காம் நாள் விற்பனை. நெடுந்தொடரில் ஐந்து மடல்கள் உண்டு; விற்பனை பன்னிரண்டாம் நாளில்தான் வருகிறது. இங்கே ஒப்பிடப்படுபவை இந்த இரண்டும்தான்.

முதல் மடலில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை, இருக்கவும் கூடாது. பெயர் கொடுத்த சில நிமிடங்களுக்குள் அது போய்ச் சேர வேண்டும். அரிசி பருப்புச் சாதக் குறிப்பு தருவதாகச் சொல்லிப் பெயர் வாங்கியிருந்தால், அந்தக் குறிப்பு மடலுக்குள்ளேயே முழுமையாக இருக்க வேண்டும்; வேறொரு பக்கத்துக்கு அனுப்பி அங்கே தேட வைப்பது நல்ல தொடக்கமல்ல. மடல் எந்தக் கிழமையில் வரும், அனுப்புபவர் யார், அவ்வப்போது பொடி விற்பனை பற்றியும் எழுதுவார் என்ற மூன்று செய்திகளையும் நான்கு வரிகளில் சொல்லிவிடலாம். கடைசிச் செய்தியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், பின்னால் விலை குறித்து எழுதும்போது வாசகர் திடுக்கிடமாட்டார்.

இரண்டு தொடர்களும் பிரிவது இரண்டாம் மடலில்தான். குறுந்தொடர் அந்த இடத்திலேயே பொடியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது. மஞ்சள் எங்கே வாங்கப்பட்டது, கொள்ளு எப்படி வறுக்கப்பட்டது என்பதெல்லாம் நல்ல செய்திகளே. ஆனால் முதல் குறிப்பை இன்னும் சமைத்துப் பார்க்காதவருக்கு அவை விளம்பரமாகவே படும். நெடுந்தொடரின் இரண்டாம் மடல் அடுப்பங்கரையிலேயே நிற்கிறது. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்று முதல் மூன்றரை டம்ளர் தண்ணீர் என்பது பொதுவான அளவு. சாதம் விதைவிதையாக நின்றால் அரிசி பழையதாக இருக்கலாம், தண்ணீரை அரை டம்ளர் கூட்ட வேண்டும். சாதம் வெந்தும் பருப்பு நறுக்கென்று நின்றால் தக்காளி அதிகமாகியிருக்கலாம், புளிப்பு பருப்பு வேகும் வேகத்தைக் குறைத்துவிடும். இவ்வாறு, சமைத்தவருக்கு எழக்கூடிய சந்தேகங்களுக்கு அவர் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லி, ‘உங்கள் வீட்டில் எந்த அரிசி? எத்தனை விசில் விட்டீர்கள்?’ என்ற இரண்டு கேள்விகளோடு அந்த மடலை முடிக்க வேண்டும். இதற்கு வரும் பதில்கள்தான் நெடுந்தொடரின் உண்மையான ஆதாயம். எந்தப் பொடி எவருக்குத் தேவைப்படும் என்பது அவற்றிலிருந்தே தெரியவரும்.

ஐந்தாம் நாள் மடலில் கொள்ளு ரசம் வரலாம். ஒன்பதாம் நாள் மடலில் பருப்புப் பொடியை வீட்டிலேயே செய்யும் முறையை அளவோடு எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து. விற்கவிருக்கும் பொருளின் செய்முறையைக் கொடுத்துவிட்டால் யார் வாங்குவார்கள் என்ற தயக்கம் இயல்பானது. ஆனால் நேரம் உள்ளவர் எப்படியும் வீட்டில் வறுத்து அரைத்துக்கொள்வார். நேரம் இல்லாதவருக்குத்தான் பொட்டலம். செய்முறையைப் படித்த பிறகு அந்த விலைக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பது அவருக்கே விளங்கிவிடும்.

குறுந்தொடர் வெல்லும் இடங்களும் உண்டு. ஈரோட்டிலோ கோவையிலோ ஒரு கண்காட்சிக் கடையில் பொடியை ருசி பார்த்துவிட்டு அங்கேயே மின்னஞ்சல் முகவரி கொடுத்தவர், பொருளை முன்பே அறிந்தவர். அவரைப் பன்னிரண்டு நாள் காக்க வைப்பதில் பயனில்லை. பொங்கலுக்கு முன் அனுப்பி முடிக்க வேண்டிய பொருளுக்கும் அப்படித்தான். ஆகவே ஒருவர் எங்கிருந்து சேர்ந்தார் என்பதைப் பெயர் வாங்கும் படிவத்திலேயே பதிவு செய்துகொண்டு, கடையில் சேர்ந்தவர்களுக்குக் குறுந்தொடரையும், குறிப்புக்காகச் சேர்ந்தவர்களுக்கு நெடுந்தொடரையும் அனுப்புவதே பொருத்தம். ஒரே தொடரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் நெடுந்தொடரையே தேர்ந்தெடுப்பேன்.

எது நன்றாக நடக்கிறது என்பதை அளப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்ற எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது. 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, வாசகர் திறக்காத மடலின் படங்களையும் முன்கூட்டியே இறக்கிவிடுவதால், திறந்ததாகக் கணக்கு ஏறிவிடுகிறது. விற்பனை மடலிலிருந்து எத்தனை ஆர்டர் வந்தது என்று மட்டும் பார்த்தால் குறுந்தொடரே சிறந்ததாகத் தோன்றும், ஏனெனில் நான்காம் நாளில் பெரும்பாலோர் பட்டியலில் இன்னும் இருப்பார்கள். சேர்ந்த நாளிலிருந்து அறுபதாம் நாள் வரை ஒவ்வொரு தொடரிலும் எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்று இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயமான அளவு. தொடருக்கு நூறு பேர் வீதம் பிரித்து, ஒன்றில் நான்கு ஆர்டரும் மற்றொன்றில் ஆறு ஆர்டரும் வந்தால் அதை வெற்றி தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அந்த வேறுபாடு தற்செயலாகவே வந்துவிடும்.

ஸ்பேம் புகார் வேறு கணக்கு. ஜிமெயிலுக்கு மடல் அனுப்புவோர் புகார் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பது 2024 பிப்ரவரியில் கூகுள் நடைமுறைப்படுத்திய விதிகளில் ஒன்று. இருநூறு பேருக்குப் போகும் மடலில் ஒரே ஒருவர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினாலே அது 0.5 சதவீதம். சிறிய பட்டியலில் ஒரு நாள் கணக்கைக் கண்டு பதறத் தேவையில்லை. ஆனால் நான்காம் நாள் மடலுக்குத் திரும்பத் திரும்பப் புகார் வந்தால், விற்பனை முந்திவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். விலகும் இணைப்பைக் கண்ணில் படும்படி வைத்தால் பலர் புகார் செய்யாமல் விலகிப் போவார்கள்.

நெடுந்தொடருக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உள்ளன. பன்னிரண்டு நாளுக்குள் ஒரு வெள்ளிக்கிழமையாவது நிச்சயம் வரும். தொடரில் இருப்பவர்களை வாராந்திர மடலிலிருந்து விலக்கி வைக்காவிட்டால் ஒரே நாளில் இரண்டு மடல்கள் போய்விடக்கூடும். அடுத்தது மாதம். கொள்ளு ரசத்துக்குப் பதிலாக ஐந்தாம் நாள் மடலில் பள்ளிபாளையம் சிக்கனை வைத்திருப்பவர், புரட்டாசியில் சேர்ந்த வாசகருக்கும் அதையே அனுப்பிவிடுவார். தானியங்கித் தொடருக்கு மாதம் தெரியாது. ஆவணி முடிவில் அந்த ஒரு மடலை மாற்றி வைத்துவிட்டு, ஐப்பசியில் பழையதைத் திரும்பப் போட வேண்டும்.

விற்பனை மடலின் வடிவம் இரண்டு தொடருக்கும் ஒன்றே: ஒரே பொருள், கூரியர் கட்டணம் சேர்த்த முழு விலை, எத்தனை நாளில் கைக்கு வரும், எத்தனை மாதம் கெடாது, எஃப்எஸ்எஸ்ஏஐ எண். அதன் பிறகு ஒரு நினைவூட்டல் அனுப்பலாமா என்றால், விற்பனை மடலில் உள்ள இணைப்பை அழுத்திப் பார்த்துவிட்டு வாங்காதவர்களுக்கு மட்டும், இரண்டு நாள் கழித்து, ஒரு முறை அனுப்பலாம். அதற்குள் வாங்கிவிட்டவரின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து தானாக நீங்குகிறதா என்று, அனுப்புபவர் தன் சொந்த முகவரியிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கிச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.