அலமாரி நிறைய ஹார்ட் டிஸ்க்: நோட்டா, பட்டியலா, கேட்டலாக் மென்பொருளா?

கல்யாண ஸ்டுடியோ நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கம்தான். "2018இல் கும்பகோணத்தில் ரிசப்ஷன் எடுத்தீர்களே, அதில் எங்கள் தாத்தா இருக்கிற படம் கிடைக்குமா?" படம் எங்கேயோ பத்திரமாக இருக்கும். எந்த டிரைவில் என்பதுதான் தெரியாது. ஒவ்வொன்றாகச் செருகிப் பார்ப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடும். இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே வெவ்வேறு வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில் லேபிள். பலரும் "2018 கல்யாணங்கள்" என்று உள்ளடக்கத்தை எழுதி ஒட்டுகிறார்கள். மிச்ச இடத்தில் 2019இன் இரண்டு வளைகாப்புகளைப் போட்ட அன்றே அந்த லேபிள் பொய்யாகிவிடுகிறது. அதற்கு மாற்று, அர்த்தமே இல்லாத ஒரு நிரந்தர எண்: D001, D002, D017. உள்ளே எது மாறினாலும் எண் மாறாது, என்ன இருக்கிறது என்பதைப் பட்டியல் சொல்லும். எனக்கு இதில் இரண்டாவது யோசனையே கிடையாது, எண்தான்.

அதே எண்ணை டிரைவின் வால்யூம் பெயராகவும் வையுங்கள். எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் அந்தப் பெயருக்கு 11 எழுத்துதான் இடம், D017 தாராளமாக அடங்கும். விண்டோஸ் தரும் E:, F: எழுத்துகளை நம்ப வேண்டாம், செருகும் வரிசையைப் பொறுத்து அவை மாறும். பில் அடிக்கிற மாதிரியான தெர்மல் ஸ்டிக்கர் வெயிலிலும் சூட்டிலும் வெளுத்துப்போகும், லேமினேட் டேப்போ நல்ல மார்க்கர் எழுத்தோ நிற்கும். மேசையில் வைக்கும் பெரிய 3.5 அங்குல டிரைவ் என்றால் அதன் அடாப்டரிலும் அதே எண்ணை ஒட்டிவிடுங்கள். அவை பெரும்பாலும் 12 வோல்ட். பார்க்க ஒரே மாதிரி முனை இருக்கும் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைத் தவறிச் செருகினால் டிரைவ் போய்விடலாம்.

இனி, எதில் என்ன இருக்கிறது என்பதை எங்கே எழுதி வைப்பது?

நோட்டு அல்லது எக்செல் ஷீட்தான் எல்லோரும் தொடங்கும் இடம். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரி: தேதி, ஊர், வீட்டார், டிரைவ் எண், நகல் இருக்கும் டிரைவின் எண். தாத்தா கேள்விக்கு இதில் "கும்பகோணம்" என்று தேடினால் D017 என்று நொடியில் வந்துவிடும். இதன் பெரிய பலம், மனிதருக்குத் தெரிந்ததை எழுத முடிவது. "ரிசப்ஷன் மட்டும் தனி கார்டில் வந்தது" என்று எந்த மென்பொருளும் தானாக எழுதாது. பலவீனம், கையால் எழுதுவது என்பதே. சீசனில் ஒரே வாரத்தில் நான்கு முகூர்த்தம் வந்தால் ஷீட் பின்தங்கும். டிரைவில் இருந்து ஒரு ஃபோல்டரை நகர்த்தினால் ஷீட்டுக்கு அது தெரியாது. ஃபோல்டர் முழுதாக இருக்கிறதா, பாதிதான் காப்பி ஆனதா என்பதையும் அது சொல்லாது.

இரண்டாவது வழி, டிரைவில் இருக்கும் எல்லா ஃபைல்களின் பட்டியலையும் கணினியையே எழுத வைப்பது. விண்டோஸ் பவர்ஷெல்லில் இவ்வளவுதான், E: என்ற இடத்தில் அன்று டிரைவுக்குக் கிடைத்த எழுத்தைப் போடுங்கள் (D:\patiyal என்ற ஃபோல்டரை முன்பே உருவாக்கிக்கொள்ளுங்கள்):

```powershell
Get-ChildItem E:\ -Recurse -File |
  Select-Object FullName, Length, LastWriteTime |
  Export-Csv D:\patiyal\D017_2025-06-14.csv -Encoding UTF8 -NoTypeInformation
```

பட்டியலின் உள்ளே பாதை E:\ என்றுதான் பதிவாகும். அதனால் டிரைவ் எண்ணும் பட்டியல் எடுத்த தேதியும் ஃபைல் பெயரிலேயே இருக்க வேண்டும். -Encoding UTF8 என்பதை விட்டுவிடாதீர்கள். விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பில் அது இல்லாவிட்டால் தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் எல்லாம் வெறும் ????? ஆகப் பதிவாகும். பட்டியல் எடுத்ததும் ஒருமுறை திறந்து ஒரு தமிழ்ப் பெயரைப் பார்த்துவிடுவது நல்லது. டிரைவை அலமாரிக்கு அனுப்பிவிட்டால் அப்புறம் யாரும் பார்க்கப் போவதில்லை.

தேடும்போது எந்த டிரைவையும் செருக வேண்டாம்:

```powershell
Select-String -Path D:\patiyal\*.csv -Pattern "kumbakonam"
```

எந்தப் பட்டியலில் அந்தச் சொல் இருக்கிறதோ அதன் பெயர் முன்னால் வரும், அதாவது டிரைவ் எண் கையில். ஆனால் ஒரு நிபந்தனை. கேமரா கொடுக்கும் பெயர்கள் DSC_0412.JPG, C0001.MP4 என்றுதான் இருக்கும். சோனி கேமராவின் கார்டை அப்படியே கொட்டினால் வீடியோ எல்லாம் PRIVATE\M4ROOT\CLIP என்ற ஃபோல்டருக்குள் போய் உட்காரும். எல்லாக் கல்யாணத்திலும் ஒரு C0001 உண்டு. ஆகவே மேல் ஃபோல்டருக்கு 2018-09-13_kumbakonam_reception என்று பெயர் வைத்தவருக்குத்தான் இந்தத் தேடல் பலன் தரும். "New folder (3)" என்று விட்டவருக்குப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை.

பட்டியலில் ஃபைல் அளவும் இருப்பதால் அசலையும் நகலையும் ஒப்பிட்டு, விடுபட்டது எது என்று பார்க்கலாம். உள்ளே பிட் கெட்டிருக்கிறதா என்று அறிய அளவு போதாது, Get-FileHash கொண்டு ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் கைரேகை போன்ற ஹாஷ் எடுத்து வைக்க வேண்டும். அது எல்லாவற்றையும் முழுதாகப் படிக்கும் வேலை. 4 டிபி நிறைந்த டிரைவ், நொடிக்கு 120 எம்பி வேகம் என்றால் 9 மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரவில் போட்டுவிட்டுப் போகலாம். பெயர்ப் பட்டியலுக்குச் சில நிமிடங்கள் போதும்.

மூன்றாவது, கேட்டலாக் மென்பொருள். விண்டோஸில் வின்கேட்டலாக், மேக்கில் நியோஃபைண்டர். டிரைவை ஒருமுறை செருகிப் படிக்க வைத்தால் பெயர்களோடு படங்களின் சிறு உருவங்களையும் எடுத்து வைத்துக்கொள்ளும். தாத்தா கேள்விக்கு உண்மையில் முழுப் பதில் தருவது இதுதான். D017 அலமாரியில் இருக்கும்போதே படங்களைக் கண்ணால் புரட்டி, "இவரா?" என்று கேட்டுவிடலாம். லைட்ரூம் கிளாசிக்கில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. டிரைவ் இல்லாதபோதும் பிரிவியூக்கள் தெரியும், ஆனால் லைட்ரூமுக்குள் இறக்கியவை மட்டும்தான்.

இதன் சிக்கல், எல்லாத் தகவலும் அந்த மென்பொருளின் சொந்த டேட்டாபேஸ் ஃபைலுக்குள் போய்விடுவது. கணினி போனால், அந்த ஃபைலுக்கு நகல் இல்லையென்றால், கேட்டலாக் மொத்தமும் போய்விடும். பல வருடம் கழித்து மென்பொருள் புது விண்டோஸில் ஓடாமலும் போகலாம். இரண்டாவது வழியில் எடுத்த சிஎஸ்வி பட்டியலையோ நோட்பேடு கூடத் திறக்கும்.

எனவே ஒன்றைத்தான் தேர்ந்தெடு என்றால் நான் இரண்டாவது வழியைச் சொல்வேன், அதோடு நிகழ்ச்சிக்கு ஒரு வரி மட்டும் உள்ள சிறிய ஷீட். முகத்தைப் பார்த்துத் தேடும் கோரிக்கைகள் அடிக்கடி வருகிற ஸ்டுடியோவுக்கு மென்பொருள் கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும். அப்போதும் வருடத்துக்கு ஒருமுறை அதிலிருந்து சிஎஸ்வி ஏற்றுமதி செய்து வைக்கட்டும். பட்டியல்கள் எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு எம்பிதான் வரும், கணினியில் ஒன்று, கிளவுடில் ஒன்று, வீட்டில் பென்டிரைவில் ஒன்று என்று வைக்கலாம். அந்தந்த டிரைவுக்குள் மட்டும் வைத்தால், தேடுவதற்கு மறுபடி அதையே செருக வேண்டிவரும்.

டிரைவில் ஏதாவது சேர்த்தாலோ நீக்கினாலோ, கழற்றும் முன் புதிய தேதியில் இன்னொரு பட்டியல் எடுங்கள், பழையதன் மேல் எழுதாதீர்கள். போன மாதம் இருந்து இந்த மாதம் காணாமல் போனது எது என்பதை இரண்டையும் ஒப்பிட்டால்தான் தெரியும். D017 ஒருநாள் செயலிழந்தால் அந்த எண்ணை வேறு டிரைவுக்குக் கொடுக்க வேண்டாம். ஷீட்டில் "இறந்தது" என்று தேதியோடு குறித்துவிட்டு அதன் கடைசிப் பட்டியலை வைத்திருங்கள். நகல் டிரைவில் இருப்பது முழுமையா, எந்த வீட்டாரின் எந்தப் படம் இனி ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது என்பதை அந்தப் பட்டியலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.