ஹெச்மேக் கையொப்பம்: திரும்பக் கட்டிய சரமா, வந்த பைட்டுகளா?

பொள்ளாச்சியிலிருந்து எல்லை தாண்டும் தேங்காய் லாரிகளுக்கான எங்கள் ஏபிஐயில் வாளையார் பதிவுகள் கையொப்பச் சரிபார்ப்பில் தேறின. ‘பாலக்காடு டவுன்’ மட்டும் ‘தவறான கையொப்பம்’ என்று திரும்பியது. சாவி சரிதான். இரு பக்கமும் கையொப்பமிட்ட சரத்தை அச்சிட்டுப் பார்த்தோம்:

```
to=Palakkad%20Town
to=Palakkad+Town
```

இடைவெளியை அனுப்பியவர் ஒருவிதமாக எழுத, எங்கள் லைப்ரரி வேறுவிதமாக எழுதியிருந்தது. ஒரு பைட் மாறினாலே ஹெச்மேக் முழுசாக மாறிவிடும். விவரங்களைப் பிரித்து, வரிசைப்படுத்தி, சரத்தைத் திரும்பக் கட்டும் முறையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

வந்த பாடியின் பைட்டுகளை அப்படியே சரிபார்த்தால் திரும்பக் கட்டும் வேலையே இல்லை. போஸ்ட் கோரிக்கைக்கு நான் இதைத்தான் எடுப்பேன். ஆனால் ஜேசனைப் பிரிக்கும் முன்பே சரிபார்க்க வேண்டும். பிரித்துத் திரும்ப எழுதினால் இடைவெளிகள் மாறிவிடும்.

கெட் கோரிக்கையில் பொதுவாகப் பாடி இருக்காது. அங்கே சரம்தான், இடைவெளிக்கு `%20` மட்டுமே என்று இரு தரப்பும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.