ஒரே பேரேடா, மூன்று நோட்டா?

சிங்கப்பூரின் ஈசூனில் ஞாயிறுதோறும் கூடும் 12 பெண்களின் சேமிப்புக் குழுவை எடுத்துக்கொள்வோம். வாரச் சேமிப்பு ஆளுக்கு 10 வெள்ளி. உறுப்பினர்களுக்குள் கொடுக்கும் கடனுக்கு வட்டி இல்லை.

வருகை, சேமிப்பு, கடன் என்று மூன்று நோட்டு வைத்தால் ஒருவருடைய கடன் கதை முழுவதும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். ஆனால் அன்றைய கணக்கைச் சரிபார்க்க மூன்றையும் புரட்டவேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் யார் புரட்டுவார்கள்?

ஒரே பேரேட்டில் ஆளுக்கு ஒரு வரிதான்: வருகை, சேமிப்பு, தவணை, கடன் பாக்கி, கையெழுத்து. ஒரு வாரம் 11 பேர் வருகிறார்கள். வராத அக்கா தன் 10 வெள்ளியைப் பேநவ் வழியாகப் பொருளாளருக்கு அனுப்பிவிடுகிறார். இரண்டு பேர் தலா 50 வெள்ளி தவணை கட்டுகிறார்கள். சேமிப்பு 120, தவணை 100, மொத்தம் 220. பெட்டியில் அன்று சேர்ந்திருப்பதோ 210. அக்காவின் வரியில் 'வரவில்லை' என்பதற்குப் பக்கத்திலேயே '10, பேநவ்' என்று இருப்பதால் வித்தியாசம் உடனே பிடிபடும். தனித்தனி நோட்டில் இதற்காகப் பெட்டியைத் திரும்பத் திரும்ப எண்ணவேண்டியிருக்கும்.

60 வெள்ளி கட்டவேண்டியவர் 50 மட்டும் கொடுத்தால்? சேமிப்புக்கு 10, தவணைக்கு 40 என்று முன்கூட்டியே விதி வைத்துக்கொள்ளுங்கள். 300 பாக்கி 260 ஆகும், 250 அல்ல.

என் ஓட்டு ஒரே பேரேட்டுக்கு. கடன் வாங்கியவர்களுக்கு மட்டும் பின்பக்கத்தில் தனித்தாள் ஒதுக்கி, பாக்கியை வாராவாரம் பெயர்த்து எழுதினால் மூன்று நோட்டின் வசதியும் கிடைத்துவிடும்.