கோவாவா, பால் பவுடரா: ஜாமூன் எண்ணெயில் வெடிப்பது எதனால்?

போன தீபாவளிக்கு முதல் நாள் இரவு, 200 கிராம் கோவாவில் பிசைந்து இருபது உருண்டை பிடித்தேன். பதினொன்று எண்ணெயிலேயே வாய் பிளந்தன. மீதி ஒன்பதும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. பாகில் இரவெல்லாம் ஊறிய பிறகு ஒன்றை வெட்டினால், நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளைக் கட்டி. மறுநாள் காலை கையில் இருந்த பால் பவுடரில் மறுபடி செய்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டு ஜாமூனுக்கு நான் பால் பவுடர் கட்சி.

ருசியில் கோவாதான் மேல். அதில் சண்டையே வேண்டாம். கோவாவுக்கு உள்ள அந்தச் சுண்டக் காய்ச்சிய பால் வாசனை பவுடரில் வராது. விலையும் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. மாவுக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியுமா, தெரியாதா என்பதுதான் அது.

ஜாமூன் உருண்டை எண்ணெயில் விழுந்ததும் மேல்தோல் முதலில் இறுகுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிறது. சோடாவும் காற்றை விடுகிறது. உருண்டை உப்ப வேண்டும். மாவில் போதிய ஈரம் இருந்தால் தோல் கொஞ்ச நேரம் இளக்கமாகவே இருந்து, உள்ளே தள்ளும் ஆவிக்கு இடம் கொடுத்து விரியும். உள்ளும் பஞ்சுபோல் துளை விழும். பாகு அந்தத் துளைகள் வழியாகத்தான் நடுவரை போகிறது. மாவு வறண்டிருந்தால் தோலுக்கு விரியத் தெம்பு இல்லை. எங்கே பலவீனமோ அங்கே கிழிகிறது. பெரும்பாலும் அது உருட்டும்போதே விழுந்த மயிரிழை விரிசல்தான். வெடிக்காமல் தப்பித்த உருண்டையிலும் ஆவியாக ஈரம் போதாததால் துளை விழுவதில்லை. நடு, களிமண் உருண்டைபோல் அப்படியே நிற்கும். வெடிப்பும் நடுக்கட்டியும் இரண்டு நோய் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். பெரும்பாலும் ஒரே வறட்சியின் இரண்டு முகம்தான்.

இப்போது கோவாவுக்கு வருவோம். வட இந்தியச் சந்தைகளில் பர்ஃபி, பேடாவுக்கு இறுகிய பிண்டிக் கோவாவும், ஜாமூனுக்கு ஈரம் மிகுந்த தாப் கோவாவும் தனித்தனியாக விற்கிறார்கள். நம் ஊர் இனிப்புக் கடையில் ‘சர்க்கரை போடாத கோவா’ என்று கேட்டால் எது இருக்கிறதோ அதைத்தான் வெட்டித் தருவார்கள். அதை இரண்டு நாள் குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் காய்ந்துவிடும். நான் செய்த தவறு அதுதான். குறிப்பில் 200 கிராம் கோவாவுக்கு 50 கிராம் மைதா, ஒரு கரண்டி பால் என்று இருந்தது. என் கோவாவுக்கு மூன்று கரண்டி கேட்டிருக்கும். ஈரமான கோவா கிடைத்திருந்தால் அந்த ஒரு கரண்டியும் அதிகம். உருண்டை எண்ணெயில் நுரைத்துக் கரைந்து போயிருக்கும். போதாக்குறைக்குக் கோவாவில் குருணை இருக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலகையில் தேய்த்துத் தேய்த்து, ஒரு மணிகூட இல்லாமல் வெண்ணெய் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். விட்டுப்போன ஒவ்வொரு குருணையும் தோலில் ஒரு விரிசலுக்கு வித்து.

பால் பவுடரில் கிட்டத்தட்ட ஈரமே கிடையாது. ஆகவே மாவின் ஈரம் என்பது நாம் ஊற்றிய பால் மட்டும்தான். என் அளவு இது: 100 கிராம் பால் பவுடர், 30 கிராம் மைதா, அரைக்கால் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு மேசைக்கரண்டி நெய், ஏறக்குறைய 60 மில்லி பால். முதல் மூன்றையும் சலித்து, நெய்யைப் பிசிறி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இதில் பதினாறு உருண்டை வரும்.

பவுடரில் ஒரு சூது உண்டு, பலர் தோற்பதும் அங்கேதான். அது பாலை மெதுவாகக் குடிக்கும். சேர்த்தவுடன் மாவு கையில் பிசுபிசுவென ஒட்டும். ‘தளர்ந்துவிட்டதே’ என்று பயந்து ஒரு கைப்பிடி மைதா போட்டால் கதை முடிந்தது. ஒன்றும் போடாமல் மூடிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் மாவு தானாக இறுகியிருக்கும். சப்பாத்தி மாவுபோல் அப்போதே கெட்டியாகப் பிசைந்தவர்களுக்குப் பத்து நிமிடம் கழித்துக் கிடைப்பது சுண்ணாம்புக் கட்டி. அழுத்திப் பிசையவும் கூடாது. மைதா இழுவை கொடுத்து ஜாமூன் ரப்பராகும். விரலால் சேர்த்துக் கூட்டினால் போதும்.

ஊறிய பிறகு மாவு லேசாக ஒட்டவேண்டும், ஆனால் நெய் தொட்ட கையில் ஒட்டக்கூடாது. ஓர் உருண்டை பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கோடு தெரிந்தால் மாவு வறட்சி. பாலை ஊற்றாமல், ஒரு தேக்கரண்டி பாலில் விரலை நனைத்து மாவை மடித்து மடித்துச் சேர்த்து மறுபடி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். பிடித்த உருண்டை தட்டில் சப்பையாக உட்கார்ந்தால் ஈரம் அதிகம். அதற்கு மைதா வேண்டாம், இன்னும் கொஞ்சம் பவுடரே தூவிக் காத்திருங்கள். உருட்டியவற்றை ஈரத்துணியால் மூடுவதை மறக்காதீர்கள். மின்விசிறிக் காற்றில் பத்து நிமிடம் கிடந்தால் நல்ல மாவும் தோல் காய்ந்து வெடிக்கும்.

எல்லாப் பழியையும் ஈரத்தின் மேல் போட முடியாது. எண்ணெய் அளவுக்கு மேல் சூடாகிப் போனாலும் இதே இரண்டு கோளாறும் வரும். பாலில் உள்ள சர்க்கரை சீக்கிரம் சிவக்கும், நடு வேகாது. எது குற்றவாளி என்று பிரித்தறிய நான் எப்போதும் ஒரே ஓர் உருண்டையை முதலில் விடுகிறேன். அது அடியில் சற்று உட்கார்ந்து, சோம்பலாக மேலே வரவேண்டும். சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் உருட்டிக்கொண்டே பொரித்து வெட்டினால், அப்போதும் நடு கட்டியாக இருந்தால் மாவுதான் காரணம். நடு வெந்து துளை விழுந்திருந்தால், முன்பு கெடுத்தது தீ. மாவு வழுவழுப்பாக இருந்தும், தீ அடங்கியிருந்தும் பிளந்தால் சோடாவைச் சந்தேகியுங்கள்.

கடையில் வாங்கும் ரெடி மிக்ஸை நான் இரண்டு முறைதான் செய்திருக்கிறேன், அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சங்கதி அங்கும் அதே. பெட்டியில் போட்ட அளவுத் தண்ணீரில் முக்கால் பங்கை மட்டும் ஊற்றி, பொறுத்து, மீதியைத் தேவைக்கு விட்டபோதுதான் இரண்டாம் முறை சரியாக வந்தது.

ஈரமான கோவா நம்பிக்கையாகக் கிடைக்கும் ஊரில் இருப்பவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. ஒரு சோதனை உருண்டை போட்டுப் பார்த்துவிட்டுத் தாராளமாகச் செய்யலாம். அந்த ஒன்பது கல் ஜாமூன்களை நான் கொட்டப் போனேன். என் மாமியார் விடவில்லை. “பாகுல தண்ணிய விட்டு, சின்னத் தீயில கொதிக்க விடும்மா” என்றார். அரை டம்ளர் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கொதித்ததில் ஆறு இளகின. மூன்று கடைசிவரை இளகவில்லை.