இரவுப்படி: ஷிஃப்டை 10 மணிக்கு வெட்டுவதா, ஃபார்முலாவிடம் விடுவதா?

பெங்களூரில் பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் சின்ன யூனிட்களுக்குச் சம்பளக் கணக்கு போடுகிறவர்களில் நம்மவர்கள் நிறைய. ஓசூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டி வரும் தொழிலாளர்களிலும் அப்படித்தான். மாதக் கடைசியில் இந்த இரண்டு தரப்பும் முட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் நைட் அலவன்ஸ், அதாவது இரவுப்படி. அதுவும் மாலையில் தொடங்கி நடு இரவைத் தாண்டி முடிகிற ஷிஃப்டில்தான் சண்டை வரும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஷிஃப்ட் மாலை 6 முதல் அதிகாலை 3 வரை. நடுவில் ஒரு மணி நேரம் சம்பளமில்லாத சாப்பாட்டு இடைவேளை. இரவு 10 முதல் காலை 6 வரை செய்யும் வேலைக்கு மட்டும் மணிக்கு 30 ரூபாய் கூடுதல். இப்படி மணிக்கணக்கில் படி கொடுக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் சொல்லவில்லை. தனியார் யூனிட்டில் நியமன ஆணையிலோ தொழிற்சங்க உடன்பாட்டிலோ என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும். மத்திய அரசு ஊழியர்களுக்கு விதியே மணிக்கணக்குதான்: இரவு 10 முதல் காலை 6 வரை செய்யும் ஒவ்வொரு மணிக்கும் 10 நிமிடம் கூடுதலாகச் சேரும். மணி விகிதம் என்பது அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி 200-ஆல் வகுத்தது. ஆகவே 10 மணிக்கோடு எங்கே விழுகிறது என்பது ரயில்வேக்காரருக்கும் முக்கியம், நம் கணக்கிலுள்ள பேக்கிங் தொழிலாளிக்கும் முக்கியம்.

ஷிஃப்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்துவிடுவதும் ஒரு வழி. கணக்கு சுலபம். ஆனால் இரவு 11 மணிக்குக் கிளம்புகிறவருக்கும் காலை 6 வரை நிற்கிறவருக்கும் ஒரே தொகை. அந்த வழியை இங்கே விட்டுவிடுகிறேன். மணிக்கணக்கு என்று முடிவான பிறகு நிஜமான போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில்தான்.

முதல் வழி, வருகைப் பதிவையே சரியாக 22:00-க்கு வெட்டி இரண்டு வரியாக்குவது. மேல் வரிக்குச் சாதா விகிதம், கீழ் வரிக்கு இரவு விகிதம்.

```
12-ஆம் தேதி  18:00 - 22:00   சாதா   4:00
12-ஆம் தேதி  22:00 - 03:00   இரவு   5:00
```

இரண்டாவது வழியில் பதிவு ஒரே வரியாகவே இருக்கும். ஷிஃப்டும் இரவு நேரமும் எவ்வளவு தூரம் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்பதைப் பக்கத்துக் கட்டத்தில் எக்செல் ஃபார்முலா கண்டுபிடிக்கும். A2-இல் வந்த நேரம், B2-இல் போன நேரம், இரண்டும் தேதியோடு இருக்க வேண்டும்.

```
=ROUND(1440*(MAX(0,MIN(B2,INT(A2)+6/24)-A2)
 +MAX(0,MIN(B2,INT(A2)+30/24)-MAX(A2,INT(A2)+22/24))),0)
```

இதில் இரண்டு MAX(0, …) இருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டாவது, அன்று இரவு 10-இல் தொடங்கும் நேரத்தைப் பிடிக்கிறது. 30/24 என்பது மறுநாள் காலை 6 மணி. முதலாவது, அதிகாலை 5 மணிக்கு வேலைக்கு வருகிறவருக்காக. அவருடைய 5 முதல் 6 வரை முந்தைய இரவின் வால். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பாய்லர் பற்றவைக்க விடியலுக்கு முன்பே வருகிறவருக்கு மாதம் முழுக்க ஒரு ரூபாய் இரவுப்படிகூட ஏறாது. அவர் ஒருவர்தான் என்பதால் யாரும் கவனிப்பதுமில்லை.

விடை நிமிடத்தில் வரும்; நம் கணக்குக்கு 300. ROUND ஒப்புக்குப் போட்டதில்லை. எக்செல்லில் நேரம் என்பது ஒரு நாளின் பின்னம். 22/24 முடிவில்லாத தசமம். கழித்துப் பார்த்தால் கட்டத்தில் 5.00 என்று தெரியும், உள்ளே 4.9999999998 இருக்கலாம். முழு மணிகளுக்குத்தான் படி என்று அதன்மேல் INT போட்டால் 4 ஆகிவிடும். 10 மணிக்கே சரியாகத் தொடங்கி 3 மணிக்கே சரியாக முடித்தவருக்கு ஒரு மணி குறையும், 3:01-க்குப் போனவருக்குக் குறையாது. இந்த வினோதத்தைச் சம்பளச் சீட்டில் பார்த்தால் காரணம் இதுதான் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். முதலில் முழு நிமிடமாக்கி, பிறகு மணியாக்கினால் போதும்.

வெட்டும் வழிக்கு இந்தத் தசமத் தொல்லை குறைவு, ஆனால் அதற்கென்று சொந்தத் தொல்லை இருக்கிறது. மேல் வரி 21:59-இல் முடிந்து கீழ் வரி 22:00-இல் தொடங்குவது போலச் சிலர் பதிவார்கள், ஒரே நேரம் இரண்டு முறை வந்தால் ‘மோதும்’ என்று பயந்து. மோதாது. 22:00-இல் முடிவதும் 22:00-இல் தொடங்குவதும் ஒரே கோடு. 21:59 என்று போட்டால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு நிமிடம் காணாமல் போகும். அதைவிட மோசம், துண்டு துண்டாக ரவுண்டு செய்வது. ஒருவர் 17:53-க்கு வந்து 02:22-க்குப் போகிறார். மொத்தம் 8:29, கிட்டத்தில் உள்ள கால் மணிக்கு ரவுண்டு செய்தால் 8:30. வெட்டிய பிறகு செய்தால் 4:07 என்பது 4:00 ஆகும், 4:22 என்பது 4:15 ஆகும், கூட்டினால் 8:15. வெட்டியதாலேயே கால் மணி போயிற்று. வெட்டுவதென்றால் நிமிடத்தில் வெட்டி, ரவுண்டை மாதக் கூட்டலில் வைக்க வேண்டும்.

அடுத்தது தேதி. வெட்டப்பட்ட வரிகளில் எந்தத் தேதி போடுவது? சில மென்பொருள்கள் நள்ளிரவிலும் ஒரு வெட்டுப் போட்டு, 00:00 முதல் 03:00 வரை உள்ள துண்டை 13-ஆம் தேதிக்குத் தள்ளிவிடும். தொழிற்சாலைகள் சட்டத்தின் 57-வது பிரிவு நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்டுக்கு நேர்மாறாகச் சொன்னது: நள்ளிரவுக்குப் பின் செய்த மணிகள் முந்தைய நாளிலேயே சேரும். தேதியைப் பிரித்தால் என்ன ஆகும் என்பது சனிக்கிழமை இரவு தெரியும். ஞாயிறு வார விடுமுறை. அந்த மூன்று மணி ஞாயிற்றில் விழுந்ததும் ‘விடுமுறையில் வேலை’ என்று பதிவாகி, ஈடுசெய் விடுப்பு ஒன்று தானாக வரவாகும். வருகை நாட்களை வரிகளை எண்ணிப் பார்க்கும் ஷீட் என்றால் ஒரே ஷிஃப்ட் இரண்டு நாளாகும். ஒரு நாளுக்கான வேலை நேர வரம்பைத் தாண்டினால் வரும் ஓவர்டைமும் துண்டுகளைத் திரும்பக் கூட்டினால்தான் தெரியும். ஃபார்முலா வழியில் வரியே உடையாததால் இந்த மூன்றும் எழுவதில்லை. இங்கே அதற்குத்தான் என் ஓட்டு.

இவை எல்லாம் கவனமாக இருந்தால் தீர்ந்துவிடும். தீராதது சாப்பாட்டு இடைவேளை. அதுதான் இரண்டு வழிகளையும் உண்மையில் பிரித்துக் காட்டுகிறது.

நம் தொழிலாளி 21:30-க்குச் சாப்பிடப் போய் 22:30-க்குத் திரும்புகிறார் என்று வைப்போம். 10 மணிக்கோடு இடைவேளைக்குள்ளேயே விழுகிறது. உண்மையில் அவர் செய்த இரவு வேலை 22:30 முதல் 3 வரை, நாலரை மணி, படி 135 ரூபாய். இடைவேளைக்குப் போகும்போதும் வரும்போதும் பஞ்ச் செய்திருந்தால் வெட்டும் வழி அழகாக வேலை செய்யும். 18:00 – 21:30, 22:30 – 03:00 என்று பதிவே இரண்டாக இருக்கிறது, 22:00-இல் வெட்ட எதுவுமில்லை. ஃபார்முலா வழியிலும் அதே ஃபார்முலாவை இடைவேளையின் இரண்டு பஞ்சுக்கும் போட்டு, வரும் 30 நிமிடத்தைக் கழித்தால் 270 நிமிடம் கிடைக்கும். அதே நாலரை மணி.

பஞ்ச் இல்லையென்றால்? பல யூனிட்களில் கேட்டில் மட்டும்தான் பஞ்ச். கேன்டீன் உள்ளேயே இருக்கிறது. ஒரு மணி நேரத்தைத் தானாகக் கழிக்கச் சொல்லியிருப்பார்கள். வெட்டும் மென்பொருள் அதைக் கடைசி வரியிலோ நீளமான வரியிலோ கழிக்கும். நம் கணக்கில் இரண்டுமே இரவு வரிதான். ஐந்து மணி நாலாகி, படி 120 ரூபாய். ஃபார்முலாக்காரர் என்ன செய்வார்? மொத்த மணியில் ஒன்றைக் கழித்து எட்டாக்குவார், இரவு மணிக் கட்டத்தைத் தொடமாட்டார். ஐந்து ஐந்தாகவே நிற்கும், படி 150 ரூபாய். உண்மை நடுவில் இருக்கிறது. ஒரு வழி தொழிலாளியிடமிருந்து 15 ரூபாய் எடுக்கிறது, இன்னொன்று முதலாளியிடமிருந்து 15 ரூபாய் எடுக்கிறது. மாதம் 25 ஷிஃப்ட் என்றால் இப்படியோ அப்படியோ 375 ரூபாய்.

“அண்ணே, பத்து மணிலேர்ந்து மூணு வரை நின்னேன், சீட்டுல நாலுதான் போட்டிருக்கீங்க” என்று ஒருவர் வந்து நிற்கும்போது நேரக் கணக்கைச் சரிபார்த்துப் பயனில்லை, இடைவேளை எந்த வரியில் கழிந்தது என்றுதான் பார்க்க வேண்டும். இரவு மணிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு மணி குறைந்திருந்தால் தானாகக் கழிக்கும் அமைப்புதான் காரணம். சாதா மணி மூன்று, இரவு ஐந்து என்று சீட்டு காட்டினால் கை மாறி, இடைவேளை முழுவதும் பகலில் கழிந்திருக்கிறது. கேன்டீன் நேரம் நிஜமாகவே 9 முதல் 10 வரை என்றால் அதுதான் சரி. ஆக, பஞ்ச் இல்லாத யூனிட்டில் கேன்டீன் நேரத்தை எழுத்தில் வைத்து, அதையே C2, D2 என்று ஷீட்டில் நிரப்பிவிடுவதைத் தவிர நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை. ‘விகிதப்படி’ என்று 9-இல் 5 பங்கை இரவில் கழிப்பவர்களும் உண்டு. சண்டை வராது, ஆனால் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை.

எதை எடுப்பது என்று கேட்டால், ஷீட்டில் கணக்கு போடும் யூனிட்டுக்குப் பதிவை உடைக்காமல் ஃபார்முலா. சம்பளச் சீட்டில் மட்டும் சாதா மணி, இரவு மணி என்று இரண்டு வரியாகக் காட்டலாம். தொழிலாளிக்கு அதுதான் படிக்க வசதி. வெட்டும் வழி ஜெயிப்பது இரண்டு இடத்தில். ஒன்று, இடைவேளைக்கு இரண்டு பஞ்சும் தவறாமல் விழும் இடம். இன்னொன்று, ரெடிமேட் சம்பள மென்பொருள் ஒரு வரிக்கு ஒரு விகிதத்தைத்தான் ஏற்கும் இடம். அங்கே வேறு வழியில்லை, வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டும்போது இரண்டு வரிக்கும் ஷிஃப்ட் தொடங்கிய தேதியையே போடச் சொல்லி, துண்டு ரவுண்டை நிறுத்தி, வருகை நாளை மேல் வரியில் மட்டும் எண்ணச் சொல்ல வேண்டும்.

வெட்டும் வழிக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. புது உடன்பாட்டில் இரவு 10 என்பது 9 ஆனாலும் பழைய மாத வரிகள் வெட்டியபடியே கிடக்கும். ஃபார்முலாவில் 22/24-ஐப் பொதுக் கட்டம் ஒன்றில் வைத்து எல்லா மாதமும் அதையே படிக்கும்படி செய்திருந்தால், அதை மாற்றிய அன்றே போன ஏப்ரலின் கணக்கும் மாறி நிற்கும். ஒவ்வொரு மாத ஷீட்டிலும் அந்தந்த மாதத்தின் எல்லை நேரத்தைத் தனியாக எழுதி வைத்தால் இது வராது.